சுவாப் வட்டிக் கணக்கில் சத்தம் போடாத தவறு

நிதித்துறை படிக்கும் பிள்ளைகள் சிலர் விடுமுறைக்கு சுங்கை சிப்புட் வரும்போது, கணக்கு நோட்டோடு என்னிடமும் ஒரு நடை வந்து போவார்கள். பெரும்பாலும் சுற்றுவட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகள். நான் கருவூலப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் சுவாப் கணக்கு என்றால் என்னிடம்தான் வரும். அவர்கள் செய்யும் தவறுகள் எல்லாம் எங்கள் காலத்தில் நாங்கள் செய்தவைதான், புதிதாக ஒன்றும் இல்லை. சதவீதப் புள்ளியை மாற்றி வைப்பது, வரிசை தப்பி எண்ணை எடுப்பது போன்றவற்றைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அவை தானாகவே மாட்டிக்கொள்ளும். மாட்டாத ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு என்னவென்று பார்த்துவிடுவோம். சாதாரண வட்டி சுவாப்பில் ஒரு பக்கம் நிலையான வட்டி கட்டும், மறுபக்கம் மிதக்கும் வட்டி கட்டும். ரிங்கிட்டில் வழக்கமாக அந்த மிதக்கும் வட்டி மூன்று மாத கிளைபோர், அதாவது பேங்குகள் தங்களுக்குள் கடன் கொடுக்கும் வட்டி. அசல் கைமாறாது. நாம் தேடுவது, ஒப்பந்தம் போடும் நாளில் இரண்டு பக்கமும் சமமாக நிற்கும் நிலை வட்டியை. அதற்கு வேண்டியது டிஸ்கவுண்ட் ஃபேக்டர்கள் மட்டுமே. ஒரு குறிப்பிட்ட நாளில் வரப்போகும் ஒரு ரிங்கிட்டுக்கு இன்றைக்கு எவ்வளவு மதிப்பு என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. இனி அதைக் காரணி என்று சுருக்கமாகச் சொல்கிறேன்.

மிதக்கும் பக்கத்தின் இன்றைய மதிப்பு, ஒரு ரிங்கிட் அசலுக்கு, 1 கழித்தல் கடைசிக் காரணி. ஒரு ரிங்கிட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சந்தை வட்டிக்கு விட்டு, வட்டியை மட்டும் எடுத்துக்கொண்டே போனால், கடைசியில் அந்த ஒரு ரிங்கிட் அப்படியே திரும்பி வரும். இன்றைய ஒரு ரிங்கிட்டிலிருந்து கடைசியில் வரும் ரிங்கிட்டின் இன்றைய மதிப்பைக் கழித்தால் மிஞ்சுவது வட்டிகளின் மதிப்பு. நிலைப் பக்கத்தின் மதிப்பு, வட்டி விகிதம் பெருக்கல் ஆனுவிட்டி. ஒவ்வொரு தவணையின் காலம் ஓர் ஆண்டில் எவ்வளவு பங்கு என்று சொல்லும் காலப் பின்னத்தையும் அதன் காரணியையும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் கிடைப்பதுதான் ஆனுவிட்டி. இரண்டு பக்கத்தையும் சமப்படுத்தினால் விகிதம் வந்துவிடும்.

## ஆண்டுக் காரணிகளை மட்டும் கூட்டுவது

பாடப்புத்தக உதாரணம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு தவணை என்றுதான் இருக்கும். காலப் பின்னம் 1. ஒன்றால் பெருக்கினால் மாறுவது எதுவும் இல்லை என்பதால் அதை எழுதுவதையே விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் மனதில் பதிவது, "ஒன்றில் கடைசியைக் கழி, எல்லாவற்றையும் கூட்டி வகு" என்பது மட்டும்தான். அப்புறம் வேலைக்குப் போய் உண்மையான ரிங்கிட் சுவாப்பைக் கையில் எடுக்கிறார்கள். அதில் நிலைப் பக்கமும் காலாண்டுக்கு ஒருமுறை கட்டப்படுவது. இவர்களோ ஒன்றாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டுக் காரணிகளை மட்டும் எடுத்துக் கூட்டிவிடுகிறார்கள்.

இரண்டு ஆண்டு சுவாப், எட்டு காலாண்டு. காரணிகள் இப்படி இருக்கட்டும்:

```
1  0.9915    5  0.9574
2  0.9830    6  0.9489
3  0.9745    7  0.9403
4  0.9660    8  0.9318
```

மேலே வைக்க வேண்டியது 1 − 0.9318 = 0.0682. எட்டுக் காரணிகளின் கூட்டுத்தொகை 7.6934. ஒவ்வொரு காலாண்டையும் இப்போதைக்கு 0.25 என்று வைத்தால் ஆனுவிட்டி 1.92335. வகுத்தால் 3.546%. இதுதான் சரியான விடை.

தவறான வழியில் நான்காவதையும் எட்டாவதையும் மட்டும் கூட்டினால் 1.8978. அதே 0.0682-ஐ இதால் வகுத்தால் 3.594%.

இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 3.594-இல் சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. எட்டுக் காரணியையும் கூட்டிவிட்டு 0.25-ஐ மறந்தவனுக்கு 0.89% வரும். அதைப் பார்த்ததும் அவனே பதறிப்போய்த் திரும்பக் கணக்குப் பார்ப்பான். அந்தத் தவறு கத்திவிடும். இது கத்தாது. எனக்கு இன்றுவரை எரிச்சல் மூட்டுவது அதுதான்.

இதற்கு விலை கொடுத்த ஓர் இடம் எனக்குத் தெரியும். செம்பனை ஆலை ஒன்று, பேர் வேண்டாம். மிதக்கும் வட்டியில் கடன் வாங்கியிருந்தார்கள். வட்டி ஏறிவிடுமோ என்ற பயத்தில் நிலை வட்டிக்கு மாற்ற நினைத்தார்கள். எண்களை மேலே உள்ள உதாரணத்துக்குப் பொருந்த மாற்றித் தருகிறேன்: அசல் 20 மில்லியன் ரிங்கிட், பேங்க் கேட்டது 3.62%. அங்கே கணக்குப் பார்த்த தங்கச்சி கெட்டிக்காரி. காரணிகளை ஒழுங்காகத்தான் எடுத்து வைத்திருந்தாள். ஆனால் கூட்டியது ஆண்டுக் காரணிகளை. "அண்ணே, பேங்க் நல்ல விலைதான் குடுத்திருக்காங்க லா. நம்ம கணக்குக்கு மூணு பாயிண்ட்கூட மேல இல்ல" என்று சந்தோஷமாகச் சொன்னாள். நான் அந்தத் தாளைப் பார்த்தபோது கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்கள்.

ஒரு பேசிஸ் பாயிண்ட் என்பது 0.01%. அவள் பார்த்த இடைவெளி 2.6 பாயிண்ட், இன்றைய மதிப்பில் சுமார் 10,000 ரிங்கிட். உண்மையான இடைவெளி 7.4 பாயிண்ட், 28,000 ரிங்கிட்டுக்கு மேல். பேங்க் ஏதோ ஒன்றை வைத்துத்தான் விலை சொல்லும். கட்டாமல் போனால் என்ன செய்வது என்ற ஆபத்தை அவர்கள் சுமக்கிறார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 7 பாயிண்ட் என்று தெரிந்திருந்தால் பேரம் பேசியிருப்பார்கள். 2.6 என்று நம்பியதால் வாயே திறக்கவில்லை.

3.594 எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொண்டால் இந்தத் தவறு மறுபடி வராது. அது பொய்யான எண் அல்ல. ஆண்டுக்கு ஒருமுறை, ஆண்டு முடிவில் கட்டுவதாக இருந்தால் அதுதான் சரியான விகிதம். காலாண்டுதோறும் கட்டுபவன் பணத்தை முன்கூட்டியே கொடுக்கிறான், அதனால் குறைந்த விகிதம் போதும். 1.03594-இன் நான்காம் படிமூலத்தை எடுத்து, ஒன்றைக் கழித்து, நான்கால் பெருக்கிப் பாருங்கள், 3.546%-க்கு மிக அருகில் வந்து நிற்கும். காலம் கூடக்கூட வட்டி எப்படி மாறுகிறது என்று காட்டும் வட்டி வளைகோடு செங்குத்தாக ஏறினால் இந்தக் குறுக்குவழி இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தாது. அதனால் இதைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்டுபிடிக்க ஒரு நிமிட வேலை போதும். வந்த விகிதத்தை வைத்து, ஒப்பந்தத் தாளில் உள்ள தவணைகளை ஒவ்வொன்றாக எழுதி, காரணியால் பெருக்கிக் கூட்டுங்கள். மிதக்கும் பக்கம் 20 மில்லியன் × 0.0682, அதாவது 1,364,000 ரிங்கிட். 3.546% வைத்தால் நிலைப் பக்கம் 1,364,040 வரும். அந்த 40 ரிங்கிட், விகிதத்தை மூன்று தசமத்துக்கு முழுமைப்படுத்தியதால் வந்தது. 3.594% வைத்தால் 1,382,504 வரும். 18,500 ரிங்கிட் கூடுதலாக நிற்கும்போது யாருக்கும் கண்ணில் படும். காலாண்டுக்கு 2,400 ரிங்கிட் அதிகம் கட்டச் சொல்கிறது அந்த விகிதம். இதில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். தவணைகளைத் தாளிலிருந்து எடுக்க வேண்டும், உங்கள் பழைய கணக்கிலிருந்து அல்ல. ஆண்டுத் தவணை என்று வைத்தே சரிபார்த்தால் தவறும் அழகாகச் சமமாகிவிடும்.

விரிதாளில் B நெடுவரிசையில் காலப் பின்னம், C-இல் காரணி என்று இரண்டாம் வரிசையிலிருந்து எட்டு வரிசை போட்டுவிட்டால் சூத்திரம் இவ்வளவுதான்:

```
=(1-C9)/SUMPRODUCT(B2:B9,C2:C9)
```

B நெடுவரிசையைச் சோம்பல்பட்டு விடாதீர்கள். எல்லாம் 1 ஆக இருந்தாலும் 1 என்று எழுதுங்கள்.

## பிறகு தொடங்கும் சுவாப்பில் 1 போடுவது

ஆறு மாதம் கழித்துத் தொடங்கி, மேலே பார்த்த சுவாப் முடியும் அதே நாளில் முடியும் சுவாப் என்றால் மேலே வருவது 1 அல்ல, தொடக்க நாளின் காரணி. 0.9830 − 0.9318 = 0.0512. கீழே மூன்றாவது முதல் எட்டாவது வரை மட்டும்: 5.7189 × 0.25 = 1.4297. விடை 3.581%. ஒன்றை அப்படியே விட்டால் 4.77% வரும். இது கொஞ்சமாவது கத்தும். ஆனால் ஒரு வாரம் கழித்துத் தொடங்கும் சுவாப்பில் கத்தாது.

## எல்லாக் காலாண்டும் 0.25 இல்லை

ரிங்கிட் சுவாப்பில் உண்மையான நாள்களை 365-ஆல் வகுப்பது வழக்கம். 92 நாள் என்றால் 0.2521, 90 நாள் என்றால் 0.2466. இடையில் பிப்ரவரி 29 வந்துவிட்டால் இரண்டு ஆண்டுக்கு 731 நாள். நம் உதாரணத்தில் அது விகிதத்தை அரை பாயிண்ட் அளவுக்கு இறக்கும்.

## முன்னோக்கு வட்டிகளின் வெறும் சராசரி

இனி வரும் ஒவ்வொரு காலாண்டுக்கும் வளைகோடு இன்றைக்குக் காட்டும் முன்னோக்கு வட்டிகளை வெறுமனே சராசரி எடுத்தால் விடைக்கு நெருங்கி வரும், சரியாக வராது. விலை சொல்ல எடுக்காதீர்கள்.

## நான்கு தசமம்

இங்கே படிக்க வசதியாக நான்கோடு நிறுத்தினேன். கடைசிக் காரணியில் நான்காம் தசமத்தை முழுமைப்படுத்தினால் மட்டுமே 20 மில்லியனுக்கு 1,000 ரிங்கிட் வரை இடிக்கலாம். வேலையில் எட்டு தசமமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

## இரண்டு வளைகோடு இருக்கும்போது

"1 கழித்தல் கடைசிக் காரணி" எப்போதும் செல்லாது. மிதக்கும் வட்டியை எந்த வளைகோட்டிலிருந்து எடுக்கிறோமோ, அதே வளைகோட்டில்தான் இன்றைய மதிப்புக்கும் குறைக்கிறோம் என்றால் மட்டுமே அது பொருந்தும். பேங்க் நெகாரா 2021-இல் மையோர் என்ற ஒரு நாள் வட்டியை அறிமுகப்படுத்தியது. மிதக்கும் பக்கம் கிளைபோர், இன்றைய மதிப்புக்குக் குறைப்பது மையோர் வளைகோட்டில் என்று இருந்தால், ஒவ்வொரு காலாண்டின் கிளைபோர் முன்னோக்கு வட்டியையும் தனித்தனியாக எடுத்து, காலப் பின்னத்தாலும் மையோர் காரணியாலும் பெருக்கிக் கூட்டித்தான் மேலே வைக்க வேண்டும். கீழே ஆனுவிட்டி மாறாது, அதே முறைதான், காரணிகள் மட்டும் மையோருடையவை. பிள்ளைகள் கொண்டுவரும் தாள்களில் பெரும்பாலும் ஒரே வளைகோடுதான் இருக்கும். இருந்தாலும் தாளின் தலைப்பில் எந்த வளைகோடு என்று எழுதியிருக்கிறதா என்பதை நான் முதலில் பார்ப்பேன்.