சீசன் குறியீடு: தீபாவளியை நம்பும் கடைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் நண்பரின் ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். அவர் மகன் கணினியில் போட்டு வைத்திருந்த கணக்கைக் காட்டினான். 2024, 2025 இரண்டு வருஷத்து மாத விற்பனை, அதிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்கும் சீசன் குறியீடு, அதை வைத்து 2026 தீபாவளிக்கான கொள்முதல் திட்டம். அக்டோபருக்கு 294, நவம்பருக்கு 60. "அக்டோபர் கடைசிக்குள்ள சரக்கு ஓடிடணும் மாமா, நவம்பர்ல ஒண்ணும் இருக்காது" என்றான். கணக்கில் ஒரு கூட்டல்கூடத் தப்பில்லை. ஆனால் 2018-ல் நான் கைக்காசு இழந்த அதே கணக்கு அது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சீசன் குறியீடு என்பது சின்ன விஷயம். வருஷ விற்பனையைப் பன்னிரண்டால் வகுத்தால் சராசரி மாதம் கிடைக்கும். ஒவ்வொரு மாத விற்பனையும் அந்தச் சராசரியில் எத்தனை சதவீதம் என்பதே அந்த மாதத்தின் குறியீடு. 100 என்றால் சாதாரண மாதம். 300 என்றால் மூன்று மாத வியாபாரம் ஒரே மாதத்தில் நடக்கிறது. 60 என்றால் கடையில் ஈ ஓட்டுகிறோம். ஜனவரி முதல் டிசம்பர் வரை B2-விலிருந்து B13 வரை இருந்தால், அக்டோபருக்கு இவ்வளவுதான்:

```
=B11/AVERAGE(B$2:B$13)*100
```

இதைப் போடத் தெரியாமல் யாரும் தடுமாறுவதில்லை. தவறுகள் நடப்பது வேறு இடத்தில்.

தீபாவளியை அக்டோபர் என்றோ நவம்பர் என்றோ முடிவு கட்டுவது

பொங்கல் சூரியனை வைத்து வருவது. ஜனவரி 14 அல்லது 15, அதைத் தாண்டி நகராது. அதனால் ஜனவரிக் குறியீடு வருஷா வருஷம் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் நிற்கும். புதிதாகக் கணக்குப் போடுகிறவர் அதைப் பார்த்துவிட்டு எல்லா மாதத்தையும் நம்பிவிடுகிறார். தீபாவளி சந்திரனைப் பார்த்து வருவது. 2016-ல் அக்டோபர் 29, 2017-ல் அக்டோபர் 18, 2018-ல் நவம்பர் 6.

நான் செய்தது இதுதான். மன்னார்குடியில் எங்கள் கடைக்கு 2016, 2017 இரண்டு வருஷக் கணக்கை எடுத்தேன். அக்டோபர் குறியீடு 300-ஐ ஒட்டி வந்தது, நவம்பர் 50-ஐ ஒட்டி. அதிலும் 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த மாதம். தீபாவளி முடிந்த பிறகு கடைக்கு வந்த கொஞ்ச நஞ்சம் பேரிடமும் கொடுக்க நோட்டு இல்லை. ஆக, அந்த 50-லேயே பாதி உண்மை இல்லை. அதையும் யோசிக்காமல் சராசரியில் சேர்த்து, 2018 அக்டோபருக்கு விற்பனை இலக்கு எழுதி சுவரில் ஒட்டினேன்.

அக்டோபர் 22 ஆகும்போது இலக்கில் பாதியைக்கூடத் தொடவில்லை. இந்த வருஷம் வியாபாரம் படுத்துவிட்டது என்று முடிவு செய்து இரண்டு காரியம் செய்தேன். ஈரோட்டுக்குச் சொல்லியிருந்த இரண்டாவது லோடை நிறுத்தச் சொன்னேன். இருக்கிற சரக்குக்கு 20 சதவீதம் தள்ளுபடி போட்டேன். தள்ளுபடியில் முதலில் போனது எது? பிள்ளைகளின் ரெடிமேட். எப்படியும் முழு விலைக்கு விற்றிருக்க வேண்டிய சரக்கு அது.

நவம்பர் 1 சம்பளம் வந்தது. 2-ம் தேதியிலிருந்து படியேற இடமில்லை. 4-ம் தேதி ஞாயிறு இரவு எட்டு மணிக்கு, வயல் வேலை முடித்து வடுவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு நின்றார். பெரியவனுக்கு 28 சைஸ், சின்னவனுக்கு 24. அலமாரியில் 20-ம் 34-ம்தான் இருந்தன. 34 சட்டையை அந்தப் பெரிய பையன் மேல் வைத்துப் பார்த்தார். தோள் தையல் முழங்கைக்குப் பக்கத்தில் விழுந்தது. ஒன்றும் சொல்லாமல் மடித்து மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். எங்கள் அப்பா காலத்திலிருந்து வந்த குடும்பம் அது. அந்த வருஷத்துக்குப் பிறகு அவர்கள் கடைக்கு வரவில்லை. ஈரோட்டில் நிறுத்தச் சொன்ன லோடு அதற்குள் வேறு கடைக்குப் போயிருந்தது.

இப்போது நண்பர் மகன் கையில் இருப்பதும் அச்சு அசல் அதே அமைப்பு. 2024 தீபாவளி அக்டோபர் 31. 2025 தீபாவளி அக்டோபர் 20. இரண்டும் அக்டோபர். வரப்போகும் 2026 தீபாவளி நவம்பர் 8.

சரியாகப் போடுவது எப்படி

மாதத்தை விட்டுவிட்டு, தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பில்லிங் மென்பொருளில் தேதி வாரியான விற்பனை அறிக்கை எடுக்க முடியும். தீபாவளிக்கு முந்தைய 28 நாளை நான்கு வாரமாகப் பிரித்து, ஒவ்வொரு வாரமும் எவ்வளவு என்று பாருங்கள். அவர்கள் கடையின் இரண்டு வருஷக் கணக்கையும் அன்றே உட்கார்ந்து அப்படிப் பிரித்தோம். எண்களை இங்கே புரிவதற்காக உருட்டிச் சொல்கிறேன்.

28 நாள் விற்பனை மொத்தம் சராசரி மாதத்தில் 300 சதவீதம். அதில் முதல் வாரம் பத்தில் ஒரு பங்கு, அதாவது 30. இரண்டாவது வாரம் 45, மூன்றாவது 75. கடைசி வாரம் மட்டும் 150, சரிபாதி. இந்த 28 நாளுக்கு வெளியே, செப்டம்பரிலும் நவம்பரிலும் ஒரு நாளைக்குச் சுமார் 2 வீதம் ஓடுகிறது. மாதத்துக்கு 60.

இதை 2026-க்கு வைத்துப் பாருங்கள். நவம்பர் 8-க்கு முந்தைய 28 நாள் என்பது அக்டோபர் 11 முதல் நவம்பர் 7 வரை. முதல் மூன்று வாரமும் அக்டோபரில் முடிகின்றன: 30, 45, 75, மொத்தம் 150. கடைசி வாரம் முழுக்க நவம்பர்: இன்னொரு 150. அக்டோபரின் முதல் பத்து நாளுக்கு 20 சேர்த்தால் அக்டோபர் 170. தீபாவளியும் அதற்குப் பின்னும் வரும் 23 நாளுக்கு 46 சேர்த்தால் நவம்பர் 196.

அவன் கணக்கில் இருந்தது 294-ம் 60-ம். சராசரி மாதம் 12 லட்சம் என்று வைத்துக்கொண்டால், அக்டோபருக்கு 35 லட்சம் எதிர்பார்த்திருப்பான், வந்திருப்பது 20 லட்சம். நவம்பருக்கு 7 லட்சம் என்று சரக்கை வற்ற விட்டிருப்பான், வாசலில் நிற்பது 23 லட்சத்துக்கு மேல்.

கணக்கு சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மூன்றையும் கூட்டுங்கள். அவர்கள் கடையில் 2024-ல் 60, 306, 60. 2025-ல் தீபாவளி சீக்கிரம் வந்ததால் முதல் வாரம் செப்டம்பர் 22-லேயே தொடங்கிவிட்டது: 85, 281, 60. இரண்டு வருஷமும் மொத்தம் 426. புதிய கணக்கிலும் 60, 170, 196 கூட்டினால் அதே 426. மாதங்கள் தனித்தனியே ஆடினாலும் மூன்றும் சேர்ந்த மொத்தம் ஆடாமல் இருந்தால், நகர்ந்தது தேதிதான், வியாபாரம் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். நிஜக் கணக்கில் இவ்வளவு கச்சிதமாக வராது. ஐந்து, பத்து முன்பின் இருக்கும். ஐம்பது வித்தியாசம் வந்தால்தான் வேறு காரணம் தேட வேண்டும்.

வாரப் பங்கும் கல்லில் செதுக்கியது இல்லை. தீபாவளி மாதத்தின் 20-ம் தேதி வந்தால் மக்கள் போனஸை நம்பி வாங்குவார்கள், கொஞ்சம் கொஞ்சமாக வருவார்கள். 2026-ல் போல முதல் வாரத்துக்குப் பின் வந்தால் சம்பளமும் போனஸும் கடைசி வாரத்திலேயே கைக்கு வரும். அதனால் கடைசி வாரத்துக்கு 150 என்பதை 160 என்று வைத்து, மூன்றாவது வாரத்தில் பத்தைக் குறைக்கச் சொன்னேன். இது என் அனுபவத்தில் சொன்ன திருத்தம். உங்கள் கடையில் 2018, 2023 தேதி வாரிக் கணக்கு இருந்தால் அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 2018 தீபாவளி நவம்பர் 6, 2023 தீபாவளி நவம்பர் 12 என்பதால் அவைதான் 2026-க்குப் பக்கத்துச் சொந்தம்.

ரம்ஜானும் நகரும்

வருஷத்துக்குச் சுமார் 11 நாள் முன்னால் வரும். 2023-ல் ஏப்ரல் 22, 2025-ல் மார்ச் 31. அதே பின்னோக்கி எண்ணும் முறைதான்.

கடை மூடிய மாதத்தை அப்படியே விட்டுவிடுவது

2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. அந்த வருஷம் இரண்டு மாதம் விற்பனை சுழி என்றால் அந்த இரண்டு மாதக் குறியீடு மட்டும் கெடுகிறது என்று நினைக்காதீர்கள். சராசரி மாதமே சுருங்கிவிடுகிறது, அதனால் மற்ற பத்து மாதமும் ஊதித் தெரியும். மற்றபடி வழக்கம்போல ஓடிய மாதம் 100 என்பதற்குப் பதிலாக 120 காட்டும். எங்களுக்கு 2018-லும் இப்படி ஒன்று நடந்தது. தீபாவளி முடிந்து பத்தாம் நாள், நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் கரையைக் கடந்தது. அந்த மாதப் பின்பாதியில் கடையில் மின்சாரமும் இல்லை, ஊரில் துணி வாங்கும் மனநிலையும் இல்லை. அந்த நாட்களை மட்டும் வழக்கமான நாள் விற்பனையால் நிரப்பிவிட்டு, அப்புறம்தான் சராசரி எடுத்தேன். முழு வருஷத்தையும் தூக்கி எறிந்தால் தீபாவளிக்கு முந்தைய நல்ல தகவலும் அதோடு போய்விடும்.

வருஷங்களின் ரூபாயைக் கூட்டிவிட்டுக் குறியீடு எடுப்பது

முதலில் அந்தந்த வருஷத்துக்கு அதனதன் சராசரியில் குறியீடு. பிறகு குறியீடுகளுக்குச் சராசரி. தலைகீழாகச் செய்தால் பெரிய விற்பனை நடந்த வருஷம் மற்றதை விழுங்கிவிடும்.

ஆடித் தள்ளுபடியை சீசன் என்று எடுத்துக்கொள்வது

ஜூலை, ஆகஸ்ட் குறியீடு உயர்வது நீங்கள் விலையைக் குறைத்ததால். தள்ளுபடி இல்லாத வருஷத்தில் அந்த எண்ணை நம்பிச் சரக்கு வாங்காதீர்கள்.

மொத்தம் 1200 வராத கணக்கு

பன்னிரண்டு மாதக் குறியீட்டையும் கூட்டினால் 1200 வர வேண்டும். வராவிட்டால் திருத்தாமல் பயன்படுத்த வேண்டாம்.

நண்பர் மகன் அன்றே தாளைத் திருத்தினான். மாதப் பெயர்களுக்குப் பக்கத்தில் இப்போது இன்னொரு பத்தி இருக்கிறது: தீபாவளிக்கு 4 வாரம், 3 வாரம், 2 வாரம், 1 வாரம். கடைசி வரிசைக்கு எதிரே "நவம்பர் 1–7, பிள்ளைகள் சைஸ் 22 முதல் 30, இரண்டாவது லோடு அக்டோபர் 24-க்குள்" என்று எழுதி வைத்திருக்கிறான்.