வகுப்புக் குறிப்பைக் கேள்வித்தாளாக மாற்றுவது எப்படி?

முதலாண்டு மாணவர்கள் பலருடைய நோட்டு பார்க்க அழகாகவே இருக்கும். பேராசிரியர் சொன்னதெல்லாம் அதில் இருக்கும், முக்கியமான வரிகளில் மஞ்சள் ஹைலைட்டரும் ஓடியிருக்கும். இன்டர்னலுக்கு முந்தைய இரவு அதை மூன்று முறை படித்தால் எல்லாம் தெரிந்தது போலவே தோன்றும். மறுநாள் தேர்வறையில் 5 மதிப்பெண் கேள்விக்கு இரண்டு வரி எழுதியதும் கை நின்றுவிடும். படிக்கும்போது விடை கண் முன்னால் இருந்தது, "ஆமாம், இதுதான்" என்று அடையாளம் கண்டால் போதுமாக இருந்தது. தேர்வில் அதே விடையை வெற்றுத் தாளில் தானாக வரவழைக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பயிற்சி ஒரு தடவைகூட நடக்கவில்லை.

ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பகுதியைத் திரும்பப் படித்த மாணவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் சற்று முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, திரும்பப் படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் எழுதினார்கள். எனவே நோட்டு எழுதும்போதே பின்னால் நம்மை நாமே கேள்வி கேட்க அதில் இடம் விட்டு வைக்க வேண்டும். அதற்கு ஏற்றது, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் 1950-களில் உருவாக்கிய பக்க அமைப்பு.

1. பக்கத்தைப் பிரியுங்கள்

A4 தாளின் அகலம் 21 செ.மீ. இடது ஓரத்திலிருந்து 6 செ.மீ. தள்ளி மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள். அடியில் 5 செ.மீ. விட்டு ஒரு குறுக்குக் கோடு. வலது பக்கத்து 15 செ.மீ. வகுப்பில் எழுத, இடது பத்தி கேள்விகளுக்கு, அடிப்பகுதி சுருக்கத்துக்கு. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுங்கள், பின்பக்கம் பிறகு தேவைப்படும். வாரத் தொடக்கத்திலேயே இருபது தாளுக்குக் கோடு போட்டு வைத்துக்கொண்டால் வகுப்பில் ஸ்கேலைத் தேட வேண்டாம்.

2. வகுப்பில் வலது பக்கம் மட்டும்

பொருளியல் வகுப்பில் 'தேவையின் விலை நெகிழ்ச்சி' நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டீ ஒன்று 10 ரூபாயிலிருந்து 12 ரூபாய் ஆகிறது, ஒரு கடையில் நாளுக்கு 200 டீ விற்றது 180 ஆகக் குறைகிறது என்று பேராசிரியர் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். நீங்கள் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

- விலை நெகிழ்ச்சி = தேவை மாற்ற % ÷ விலை மாற்ற %
- டீ: வி 10→12 (20% ↑), தே 200→180 (10% ↓)
- 10 ÷ 20 = 0.5, 1-க்குக் கீழ் → நெகிழ்ச்சி குறைவு
- வருமானம்: 2000 → 2160
- உப்பு: மாற்றுப் பொருள் இல்லை, செலவில் சிறு பங்கு → நெகிழ்ச்சி குறைவு

வரையறை, சூத்திரம் இரண்டையும் சொன்னபடியே எழுதுங்கள். மற்றதை உங்கள் சொல்லில் சுருக்குங்கள். டிக்டேஷனாகவே நடத்தும் வகுப்பில் இது முடியாது. அங்கே வரிக்கு வரி எழுதிக்கொண்டு, மாலையில் முக்கியமானதை அடிக்கோடிடுவதே வழி. தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வழி வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் விளக்கத்தைத் தமிழிலேயே எழுதலாம். கலைச்சொற்களை மட்டும் ஆங்கில எழுத்தில், சரியான ஸ்பெல்லிங்கோடு எழுதுங்கள், தேர்வுத்தாளில் அவைதான் வரும். தவறவிட்ட இடத்தில் இரண்டு வரி காலி விட்டு ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கத் திரும்பினால் அடுத்த வரியும் போய்விடும்.

3. அன்று மாலை இடது பத்தி

இந்த முறையின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. ஒரு பாடத்துக்கு 10 முதல் 15 நிமிடம் போதும். முதலில் கேள்விக்குறி போட்ட இடங்களை நண்பரின் நோட்டைப் பார்த்து நிரப்புங்கள். பிறகு வலது பக்கத்தில் உள்ள ஒவ்வொரு கருத்துக்கும் நேர் எதிரே ஒரு கேள்வி எழுதுங்கள்.

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். "நெகிழ்ச்சி", "டீ உதாரணம்" என்று தலைப்புகளை எழுதிவிடுகிறார்கள். தலைப்பைப் பார்த்தால் மனம் "அது தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடும். கேள்வி என்றால் அதற்கு விடை எழுதியாக வேண்டும், எழுதியது சரியா தவறா என்று பார்க்கவும் முடிய வேண்டும். இப்படி:

- விலை நெகிழ்ச்சியின் சூத்திரம்? எது மேலே, எது கீழே?
- டீ 10→12, விற்பனை 200→180: நெகிழ்ச்சி எவ்வளவு?
- விற்பனை குறைந்தும் கடைக்காரருக்கு வருமானம் ஏன் கூடியது?
- உப்புக்கு நெகிழ்ச்சி குறைவு. இரண்டு காரணம்?

மூன்றாவது கேள்வியைக் கவனியுங்கள். அதன் விடை நோட்டில் நேரடியாக இல்லை, இரண்டு வரிகளைச் சேர்த்து யோசித்தால்தான் வரும். பக்கத்துக்கு இப்படி ஒரு 'ஏன்' இருக்கட்டும். கேள்விகள் ஐந்தாறுக்கு மேல் போக வேண்டாம். கடைசியாக, வலது பக்கத்தைப் பார்க்காமல் அடிப்பகுதியில் இரண்டே வாக்கியத்தில் சுருக்கம் எழுதுங்கள்.

4. மூடி வைத்து எழுதிப் பாருங்கள்

மறுநாள் ஒரு வெள்ளைத் தாளால் வலது பக்கத்தையும் அடிச் சுருக்கத்தையும் மூடுங்கள். கேள்வியைப் படித்து, விடையை ரஃப் தாளில் எழுதுங்கள். மனதுக்குள் சொல்லிப் பார்த்தால் அரைகுறை விடையும் முழு விடையாகத் தோன்றும். வராவிட்டால் உடனே தாளைத் தூக்கிப் பார்க்காதீர்கள், அரை நிமிடமாவது முயலுங்கள்.

பிறகு திறந்து ஒப்பிடுங்கள். முழுமையாக வந்திருந்தால் கேள்விக்கு அருகில் ✓, பாதி வந்தால் △, வராவிட்டால் ✗. டீக் கணக்கில் ஒரு மாணவி 0.67 என்று எழுதியிருக்கிறார் என்று கொள்வோம். தப்பு எங்கே என்று அவருடைய ரஃப் தாளே காட்டும். 2-ஐ 12-ஆலும், 20-ஐ 180-ஆலும் வகுத்திருக்கிறார், அதாவது பழைய மதிப்பால் வகுப்பதற்குப் பதில் புதிய மதிப்பால். வெறும் ✗ போட்டு விட்டால் அடுத்த முறையும் இதே தப்பு வரும். பக்கத்தின் பின்புறம் தவறான வழியையும் சரியான வழியையும் அருகருகே எழுதி, இடது பத்தியில் "மாற்ற %: எந்த மதிப்பால் வகுக்கிறோம்?" என்று புதுக் கேள்வி ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

5. இடைவெளி விட்டுத் திரும்புங்கள்

மறுநாள், 4-ஆம் நாள், 10-ஆம் நாள், பிறகு இன்டர்னலுக்கு மூன்று நாள் முன்பு. இந்த எண்கள் வேதவாக்கல்ல. ஒவ்வொரு இடைவெளியும் முந்தையதைவிட நீளமாக இருந்தால் சரி. பக்கத்தின் மேல் மூலையில் அடுத்து பார்க்க வேண்டிய தேதியைப் பென்சிலில் எழுதுங்கள். ✗ வாங்கிய கேள்வி மறுநாளே திரும்ப வரும், அடுத்தடுத்து இரண்டு ✓ வாங்கியது ஒரு சுற்றைத் தாண்டலாம். இப்படி வடிகட்டுவதால் ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

மூன்றாம் சுற்றில் கேள்விகளின் வரிசையை மாற்றுங்கள், கீழிருந்து மேலே போங்கள். முந்தைய விடையே அடுத்த விடைக்குத் துப்புக் கொடுப்பது அப்போதுதான் நிற்கும். எல்லாக் கேள்வியும் ✓, ஆனால் பழைய பல்கலைக்கழக வினாத்தாளில் விடை வரவில்லை என்றால் உங்கள் கேள்விகள் மிக எளிதாக இருக்கின்றன என்று அர்த்தம். அந்த வினாத்தாளின் கேள்விகளையே இடது பத்தியில் ஏற்றிவிடுங்கள்.

தினமும் ஐந்து பாடவேளை இருந்தால் எல்லாவற்றுக்கும் இதைச் செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் மாதம் மிகக் கடினமான இரண்டு பாடங்களுக்கு மட்டும் செய்யுங்கள். கணிதம், புள்ளியியல் போன்றவற்றுக்கு இந்த இடது பத்தி அவ்வளவாக உதவாது. அங்கே இடது பக்கம் கணக்கின் வினாவை மட்டும் எழுதி, தீர்வை மூடிவிட்டு, கணக்கை முதல் வரியிலிருந்து மறுபடி போடுங்கள். எந்த வரியில் நின்றீர்களோ அந்த வரிக்கு நேரே △ போடுங்கள்.