உயர் பொறுப்பில் இருப்பவர் விலகும்போது: அறிவிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் எச்.ஆர். பிரிவில் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் ஆபரேஷன்ஸ் தலைவர் விலகினார். திங்கட்கிழமை முடிவானது. செவ்வாயன்று 12 மேலாளர்களிடம் மட்டும் சொல்லி, "வெள்ளிக்கிழமை மெயில் போகும், அதுவரை யாரிடமும் பேசாதீர்கள்" என்றோம். புதன்கிழமை மதியம், அடுத்த மாத ஆய்வுக் கூட்டத்தின் அழைப்பிலிருந்து அவர் பெயரை ஒருவர் எடுத்துவிட்டார். அழைப்பில் இருந்த எல்லோருக்கும் அந்த மாற்றம் தெரிந்தது. வியாழக்கிழமைக்குள் "அவரைத் துரத்திவிட்டார்கள், பிரிவையே மூடப்போகிறார்கள்" என்று கதை வளர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை போன மெயிலை யாரும் நம்பவில்லை.

அந்த 12 பேரில் யார் வாயைத் திறந்தார்கள் என்று தேடுவதில் பயன் இல்லை. தவறு எங்களுடையது. முதல் ஆளுக்குச் சொன்னதற்கும் கடைசி ஆளுக்குச் சொன்னதற்கும் நடுவே மூன்று நாள் விட்டோம். சில மணி நேரத்துக்கு மேல் அந்த இடைவெளி இருக்கக் கூடாது. மறுமுறை இதே வேலை வந்தபோது எல்லாவற்றையும் ஒரே காலையில் முடித்தோம். 9.30க்கு விலகுபவரிடம் நேரடியாக வேலை செய்பவர்களை அழைத்து, அவரும் அவருடைய மேலதிகாரியும் சேர்ந்து சொன்னார்கள். 10.15க்கு மற்ற மேலாளர்களுக்கு, எதிர்பார்க்கும் கேள்விகளும் பதில்களும் அடங்கிய ஒரு பக்கக் குறிப்போடு. 11 மணிக்கு எல்லோருக்கும் மெயில், 11.30க்குக் கேள்வி கேட்கக் கூட்டம். இரவு ஷிப்டுக்கு அவர்களுடைய ஷிப்ட் தொடங்கும்போதே மேலாளர் நேரில் சொன்னார். காலண்டர், மெயில் குழுக்கள், சிஸ்டம் அனுமதிகள் எதையும் 11 மணிக்கு முன் தொடக் கூடாது என்று ஐ.டி. பிரிவிடமும் சொல்லி வைத்திருந்தோம். பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம் என்றால், இந்த நேரங்களைச் சட்டப் பிரிவைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். விலகல் செய்தி பங்கு விலையைப் பாதிக்கக்கூடியது என்பதால், சந்தைக்குத் தெரிவிப்பதற்கென்று விதிகள் உண்டு.

அடுத்த தவறு, காரணத்தைச் சொல்லும் விதத்தில் நடக்கிறது. "சொந்தக் காரணங்களுக்காக, உடனடியாக" என்ற இரண்டு சொற்களையும் சேர்த்து எழுதினால், படிப்பவர் அதை வேலைநீக்கம் என்றே புரிந்துகொள்வார். உண்மையான காரணத்தைச் சொல்ல அவருக்குச் சம்மதம் என்றால் ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். முடியாது என்றால், "காரணத்தைப் பகிர முடியாத நிலையில் இருக்கிறோம்" என்று நேராக எழுதலாம், மக்கள் அதை ஏற்றுக்கொள்வார்கள். அதோடு உறுதியாகத் தெரிந்ததையும் சேருங்கள்: பிரிவு தொடர்கிறது, ஆட்குறைப்புத் திட்டம் இல்லை. ஆனால் அது உண்மையாக இருந்தால் மட்டும். இரண்டு மாதம் கழித்து ஆட்களைக் குறைத்தால், அதன்பின் நீங்கள் அனுப்பும் எந்த மெயிலுக்கும் மதிப்பு இருக்காது. இன்னொன்று, புகாரின் பேரில் வெளியேறியவரை அறிவிப்பில் புகழ்ந்து தள்ளாதீர்கள். புகார் கொடுத்தவரும் அந்த மெயிலைப் படிப்பார். தேதியும் பொறுப்பு மாற்றமும் மட்டும் போதும்.

என் அனுபவத்தில் வதந்திக்கு அதிகம் தீனி போடுவது "புதியவர் விரைவில் அறிவிக்கப்படுவார்" என்ற வரிதான். நாளை காலை என் விடுப்பை யார் அனுமதிப்பார் என்று ஊழியர் யோசித்துக்கொண்டிருக்கிறார், அதற்கு அதில் பதில் இல்லை. நிரந்தரமாக ஒருவர் கிடைக்காவிட்டாலும் இடைக்காலப் பொறுப்பாளரின் பெயர், எந்தத் தேதி முதல், எந்தெந்த விஷயங்களில் அவர் முடிவெடுக்கலாம் என்பது மெயிலில் இருக்க வேண்டும். மறுமுறை நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"ஆபரேஷன்ஸ் தலைவரின் கடைசி வேலை நாள் 28ஆம் தேதி. அன்றுவரை அவரே பொறுப்பில் இருப்பார். 29 முதல் திட்டமிடல் மேலாளர் இடைக்காலமாகப் பொறுப்பேற்கிறார். விடுப்பு, கொள்முதல், ஆளெடுப்பு ஆகியவற்றுக்கு அவரே ஒப்புதல் தருவார். ஏற்கெனவே வேலை உறுதி செய்யப்பட்டவர்கள் விஷயத்தில் மாற்றம் இல்லை. நிரந்தரத் தேர்வு எந்த நிலையில் இருக்கிறது என்று அடுத்த மாதம் 15ஆம் தேதி தெரிவிப்போம்."

இதில் முதலில் எங்களுக்கு ஒன்று விடுபட்டுப் போயிருந்தது: ஆண்டு மதிப்பீடு. வருடம் முழுக்க அவருக்குக் கீழே உழைத்தவர்கள், தங்கள் வேலையைப் பார்க்காத ஒருவர் மதிப்பெண் போடுவார் என்று பயந்தார்கள். 11.30 கூட்டத்தில் வந்த முதல் கேள்வியே இதுதான். அப்புறம் ஒவ்வொருவரைப் பற்றியும் அவர் கிளம்பும் முன் எழுத்தில் குறிப்பு கொடுக்க ஏற்பாடு செய்து, அன்று மாலையே இன்னொரு மெயில் அனுப்பினோம்.

பிறகு 15ஆம் தேதி வந்தது, தேர்வு முடியவில்லை. சரி, சொல்ல ஒன்றும் இல்லையே என்று சும்மா இருந்துவிடத் தோன்றும். அன்றும் அனுப்பினோம், இரண்டே வரி: நேர்முகத் தேர்வுகள் நடக்கின்றன, இடைக்கால ஏற்பாடு அப்படியே தொடர்கிறது.