ஸ்டீம் கிளவுட் சேவ்: இரண்டு கணினிகளின் சேமிப்புகள் முரண்பட்டால் என்ன செய்வது?

நம் சேவ் கோப்புகளை இணையத்தில் வைத்திருக்கும் ஸ்டீம் கிளவுட், நாம் விளையாடிக்கொண்டிருக்கும்போது பொதுவாக எதையும் அனுப்புவதில்லை. விளையாட்டைத் திறக்கும்முன் சேவ் கோப்புகளை ஒப்பிட்டு இறக்குகிறது; மூடியபின் மாறியவற்றை ஏற்றுகிறது. கோப்புக்குள் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஆகவே கடந்த ஒத்திசைவுக்குப் பிறகு இரு பக்கமும் மாறியிருந்தால், அவற்றை ஒன்றாக இணைக்க அதனால் முடியாது. எதை வைத்துக்கொள்வது என்று நம்மையே கேட்கும்.

விவசாய விளையாட்டான ஸ்டார்டியூ வேலியில் எனக்கு நேர்ந்தது இது. இரு கணினிகளிலும் ஆட்டத்தின் நாட்காட்டிப்படி கோடை 4ஆம் நாளில் இருந்தேன். சனிக்கிழமை இணையமில்லாத மடிக்கணினியில் கோடை 12 வரை ஆடினேன். ஞாயிறன்று வீட்டுக் கணினியில் ஒரே ஒரு நாள் ஆடி, கோடை 5இல் மூடினேன். திங்களன்று மடிக்கணினியை இணையத்தில் இணைத்ததும் முரண் அறிவிப்பு வந்தது. தேதி புதியது என்பதால் கிளவுடைத் தேர்ந்தெடுத்தேன். ஏழு நாள் விவசாயம் போய்விட்டது. அறிவிப்பில் தெரியும் தேதி கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைத்தான் சொல்கிறது, ஆட்டம் எவ்வளவு முன்னேறியது என்பதைச் சொல்வதில்லை.

முதல் படி: அறிவிப்பு வந்ததும் எதையும் தேர்ந்தெடுக்காமல், சேவ் கோப்புறையைத் திறவுங்கள். முதல் வரி விண்டோஸுக்கு, அடுத்தது லினக்ஸுக்கும் மேக்குக்கும்.

```
%AppData%\StardewValley\Saves
~/.config/StardewValley/Saves
```

இரண்டாம் படி: உங்கள் பண்ணையின் பெயரில் உள்ள கோப்புறையை முழுமையாக வேறிடத்திற்கு நகலெடுங்கள். இங்கே அவசரப்படக் கூடாது. உள்ளே பண்ணைப் பெயருடைய பெரிய கோப்பும் `SaveGameInfo` என்ற சிறிய கோப்பும் இருக்கும். ஆட்டத்தின் தொடக்கப் பட்டியலில் தெரியும் விவரங்கள் சிறிய கோப்பிலிருந்து வருபவை. உண்மையான பண்ணை பெரிய கோப்பில் இருக்கிறது. ஒன்றை மட்டும் நகலெடுத்தால் பட்டியல் ஒரு நாளைக் காட்டும், திறந்தால் வேறொரு நாள் இருக்கும்.

மூன்றாம் படி: கிளவுடில் உள்ளதையும் காப்பாற்றுங்கள். உலாவியில் ஸ்டீம் கணக்கில் நுழைந்து `store.steampowered.com/account/remotestorage` பக்கத்தில் அந்த விளையாட்டின் கோப்புகளைப் பதிவிறக்கலாம். காப்புநகலுக்கெனத் தனிச் செயலி தேவையில்லை என்பது என் கருத்து. தேதியிட்ட ஒரு கோப்புறையே போதும்.

இனி அச்சமின்றித் தேர்ந்தெடுக்கலாம். ஆட்டத்தைத் திறந்து பட்டியலில் நாளைப் பாருங்கள். தவறான சேவ் என்றால் ஆட்டத்தை மூடி, ஒத்திசைவு முடியும்வரை காத்திருந்து, நகலெடுத்த கோப்புறையை அதே இடத்தில் வையுங்கள். பின்பு திறந்து, ஒரு நாள் உறங்கி, மூடுங்கள். உறங்கும்போதுதான் இந்த ஆட்டம் சேமிக்கும்.

பிற்சேர்க்கை: கையடக்க விளையாட்டுக் கருவியான ஸ்டீம் டெக்கில் ஆட்டத்தை மூடாமல் உறக்கநிலையில் வைத்துவிட்டுக் கணினியில் தொடர்ந்ததால் முரண் வந்ததாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். உறக்கநிலையிலேயே சேவ் கோப்பை ஏற்றும் வசதி டெக்கில் உண்டு என்றாலும், விளையாட்டை உருவாக்கியவர் அதை இயக்கியிருந்தால்தான் அது வேலை செய்யும். ஆகவே கருவி மாறும்முன் ஆட்டத்தை முறையாக மூடி, கிளவுட் நிலை நடப்பில் உள்ளதென்று காட்டும்வரை டெக்கை அணைக்காதீர்கள்.