வாடகை ஒப்பந்தம் ஒரே பக்கத்தில் அடங்கிய விதம்

சென்னையில் வாடகைக்குப் பிடித்த வீட்டுக்கு 11 மாத ஒப்பந்தம், ஐந்து பக்கம். வாடகை 18,000, அட்வான்ஸ் 1,00,000. காலி செய்வதானால் எவ்வளவு திரும்பி வரும் என்று கணக்குப் போட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு தொகை வந்தது.

முதலில் பிரிவு வரிசையிலேயே சுருக்கி எழுதினேன், மூன்று பக்கம் ஆனது, குழப்பம் அப்படியே இருந்தது. அப்புறம் டைப் செய்து "அட்வான்ஸ்" என்று தேடினேன். அதுவும் உதவவில்லை, ஏனென்றால் ஓரிடத்தில் முன்பணம், இன்னோரிடத்தில் வைப்புத்தொகை என்று எழுதியிருந்தார்கள்.

கடைசியில் வாடகை, அட்வான்ஸ், நோட்டீஸ், பொறுப்புகள் என்று நாலு வரிசை போட்டு, ஒவ்வொன்றிலும் யார், எவ்வளவு, எப்போது, எந்தப் பிரிவு என்று நாலு கட்டம் வைத்தேன். ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியத்தைக் கட்டத்தில் எழுதியதும் மூலத்தில் அதைப் பென்சிலால் அடித்தேன். முடிவில் அடிபடாமல் நின்றவை இரண்டுதான். பராமரிப்புப் பிரிவில், காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை பிடிக்கப்படும் என்று இருந்தது, அதைப் பொறுப்பு என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன், ஆனால் அது அட்வான்ஸ் வரிசையிலும் வர வேண்டும். இன்னொன்று "பொது" என்ற தலைப்பில்: நோட்டீஸ் ஒரு மாதம் என்று 7ஆம் பிரிவு சொன்னாலும், முதல் 6 மாதத்துக்குள் போனால் இரண்டு மாத வாடகை கழியும்.

ஆக எட்டாவது மாதம் முறையாக நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்தால் 82,000 வர வேண்டும், ஐந்தாவது மாதம் என்றால் 46,000தான். பாக்கி கரண்ட் பில் தனி.