கொய்யாவுக்கு வலைப்பை கட்டும்போது செய்யும் தவறுகள்

வலைப்பை கட்டியும் கொய்யாப் பழம் போகிறதென்றால், முதலில் யார் தின்றது என்று பாருங்கள். பழம் கொம்பிலேயே தொங்க, ஒரு பக்கம் மட்டும் குடைந்திருந்தால் பெரும்பாலும் கிளி. அது காய் பச்சையாக இருக்கும்போதே கொத்தும், பாதி தின்றுவிட்டு அடுத்ததற்குத் தாவும். காலையில் பழமே காணோம், கொஞ்சம் தள்ளி வேறொரு மரத்தடியிலோ போர்ட்டிகோவிலோ மென்று துப்பிய சக்கை கிடக்கிறது என்றால் வௌவால். பையிலேயே ஓட்டை விழுந்து, பழத்தில் பல் தடம் இருந்தால் அணில். நைலான் வலையை அணில் கடித்துவிடும். அதற்குக் கம்பி வலையில் கூடு செய்து மாட்டினால்தான் உண்டு. இங்கே சொல்வதெல்லாம் கிளிக்கும் வௌவாலுக்கும்தான்.

அதிகம் பேர் செய்யும் தவறு, பையைப் பழத்தின் அளவுக்கு வாங்குவது. 'லக்னோ 49' போன்ற ரகத்தில் நன்றாக விளைந்த காய் ஏறத்தாழ ஒரு கிரிக்கெட் பந்து அளவுக்கு வரும். அதற்கு 10 செ.மீ. அகலப் பை போட்டால் வலை தோலோடு ஒட்டிக்கொள்ளும். வௌவால் பையைப் பிடித்துத் தொங்கியபடி வலைக்கு மேலேயே கடித்துச் சாற்றை உறிஞ்சிவிடும். கிளியின் அலகுக்கும் எட்டும். பழ ஈகூட வலை ஒட்டிய இடத்தில் உள்ளே முட்டையிட்டுவிடும். 15 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளமுள்ள பை எடுத்தால் பழத்தைச் சுற்றிக் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். காய் எலுமிச்சை அளவில் இருக்கும்போது கட்டும்போது, 'இவ்வளவு பெரிய பையா' என்று தோன்றும். தோன்றட்டும்.

அடுத்தது வலையின் கண். சுண்டுவிரல் நுழையும் கண் என்றால் வேண்டாம். வெங்காயம் வரும் வலைப்பையை வெட்டிக் கட்டுகிறார்கள். அந்தக் கண் வழியாக அலகு தாராளமாகப் போகும். கொசுவலை போல நெருக்கமாக நெய்த, வெள்ளை நிறப் பையே நல்லது. பழைய மீன்வலையை மரத்தின் மேல் தளர்வாகப் போர்த்துவது இதைவிட மோசம். அதன் மெல்லிய நரம்பு இருட்டில் தெரியாமல் வௌவாலின் சிறகில் சுற்றிக்கொள்ளும், விடியும்போது செத்துக் கிடக்கும். உயிரோடு சிக்கியிருந்தாலும் வெறுங்கையால் தொடாதீர்கள், பயத்தில் கடிக்கும்.

சரி, பை சரியாக இருக்கிறது. அதை எங்கே கட்டுவது? காம்பில் கட்டினால் வீண். கொய்யாவுக்குக் காம்பு குட்டை. பழுத்ததும் அந்த இணைப்பு தளர்ந்துவிடும், பழமும் பையும் சேர்ந்தே கீழே விழும். காம்பு கிளம்பும் இளங்கொம்பைப் பைக்குள் விட்டு, அந்தக் கொம்பின் மேலேயே சுருக்குக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட வேண்டும். பழம் தானாக உதிர்ந்தாலும் பைக்குள்ளேயே கிடக்கும். வாய் முழுதாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள், இடுக்கு இருந்தால் எறும்பு போகும்.

எறும்பு என்றதும் மாவுப்பூச்சி ஞாபகம் வருகிறது. கட்டுவதற்கு முன் காயின் அடியையும் காம்பு ஓரத்தையும் பார்க்காமல் விட்டால், வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருக்கும் பூச்சியையும் சேர்த்து உள்ளே பூட்டிவிடுவீர்கள். வெளியே இருந்தால் அதைத் தின்ன பொறிவண்டு வரும், பைக்குள் வராது. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, உலர விட்டு, காயோடு உரசும் இலைகளைக் கிள்ளிவிட்டு அப்புறம் கட்டுங்கள். பிளாஸ்டிக் கவர் கட்டுகிறவர்களுக்குப் பூச்சியே வேண்டாம். உள்ளே வியர்த்து, காய் தானே அழுகிவிடும்.

எப்போது கட்டுவது என்பதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. பிஞ்சிலேயே கட்டினால் பாதிப் பிஞ்சு இயல்பாகவே உதிரும், பை வீண். மணம் வந்தபின் கட்டினால், வாசனை பிடித்த வௌவால் முந்தைய இரவே வந்துபோயிருக்கும். எலுமிச்சை அளவு தாண்டியதும் கட்டிவிடுவது நல்லது. பழ ஈ வரும் மரத்தில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

கட்டியாயிற்று என்று மறந்துவிடுவதும் உண்டு. கரும்பச்சை மாறி வெளிர்பச்சை ஆனதும் பறித்துவிடுங்கள், வீட்டுக்குள் இரண்டு மூன்று நாளில் பழுத்துவிடும். மஞ்சளாகும் வரை விட்டால் மணம் ஊரையே அழைக்கும். எட்டாத உச்சிக்கொம்பு பழங்களுக்கு ஏணி போட்டு உயிரைப் பணயம் வைக்க வேண்டாம், அவை பறவைக்கே போகட்டும். கடித்துக் கீழே கிடப்பதைக் கழுவிக்கூடத் தின்ன வேண்டாம். பழந்தின்னி வௌவாலின் எச்சிலில் நிபா போன்ற கிருமி இருக்கக்கூடும். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள், பழ ஈயும் குறையும்.

பறித்தபின் காலிப் பையைக் கொம்பிலேயே விடாதீர்கள். கொம்பு தடிக்கும்போது சுருக்கு இறுகி அதை நெரிக்கும். அவிழ்த்து, சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்தால் கிழியாத பைகள் அடுத்த காய்ப்புக்கும் ஆகும்.