யூரோ வாங்க நேரம் பார்க்கும்போது செய்யும் தவறுகள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பாலிஹவுஸில் லில்லியம் பூ போடுகிறவர்களுக்கு நெதர்லாந்துக் கிழங்கு வரும்போது பில்லும் யூரோவில் வரும். 12,000 யூரோ பில், கட்ட ஒரு மாத அவகாசம் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் தவறு, போனில் தெரிகிற EUR/INR விலையை நம்முடைய விலை என்று நினைப்பது. அது வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கிற விலைக்கு நடுவில் இருப்பது. நமக்கு விழுவது, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கி நமக்கு யூரோ விற்கிற TT Selling விலை, பில் வங்கி வழியாகக் கலெக்‌ஷனில் வந்தால் அதைவிடவும் சற்றுக் கூட. போனில் 90.72, வங்கி காலையில் போடும் கார்டு ரேட்டில் 92.40 என்றால், வித்தியாசம் மட்டும் 20,160 ரூபாய். அதனால் கார்டு ரேட்டை அப்படியே ஏற்காமல், பில் தொகையைச் சொல்லி "லைவ் ரேட் கொடுங்கள், உங்கள் மார்ஜின் எத்தனை பைசா?" என்று கேளுங்கள். பல வாரம் சார்ட் பார்த்துக் கிடைப்பதைவிட இந்த ஒரு பேச்சில் அதிகம் மிச்சமாகலாம்.

அடுத்தது, செய்தியில் "டாலர் இறங்கியது" என்று கேட்டு நிம்மதியாவது. யூரோவின் ரூபாய் விலை இரண்டு விலைகளைப் பெருக்கி வருவது. டாலர் 84 ரூபாய், ஒரு யூரோ 1.08 டாலர் என்றால் 90.72. டாலர் 83.60க்கு இறங்கி, யூரோ 1.10 டாலருக்கு ஏறினால் 91.96 ஆகிவிடும், நம் பில்லில் 14,880 ரூபாய் கூடும். ரூபாய்-டாலர் பெரிதாக ஆடாமல் ரிசர்வ் வங்கி அவ்வப்போது தலையிடும், யூரோ-டாலருக்கு அப்படி யாரும் இல்லை, ஆகவே கண் வைக்க வேண்டியது அங்கேதான். ஐரோப்பிய மத்திய வங்கி வட்டி முடிவை அறிவிப்பது நம் நேரப்படி மாலையில், நம் சந்தை மூடிய பிறகு. அதன் தாக்கம் மறுநாள் காலை விலையிலேயே வந்துவிடும், இடையில் நாம் எதுவும் செய்ய முடியாது. அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து, அதற்கு முன்பே பாதியையாவது முடித்துவிடுவது நல்லது.

மூன்றாவது, இன்னும் இறங்கும் என்று கடைசி நாள்வரை இழுப்பது. கிழங்குக்குப் போட்ட கணக்கில் யூரோ எந்த விலை வரை தாங்கும் என்று முதலில் எழுதிவையுங்கள், 92.50 என்று வைத்துக்கொள்ளலாம். வங்கியின் விலை அதற்குக் கீழே நல்ல இடைவெளியில் வந்ததும் பாதிப் பணத்தை அனுப்பிவிடுங்கள். யூரோவை வாங்கிச் சும்மா வைத்திருக்க இறக்குமதியாளருக்குச் சாதாரணமாக வழியில்லை, சீக்கிரம் கட்ட வேண்டும், இல்லையென்றால் பின்னால் கட்டப்போகும் யூரோவுக்கு இன்றே வங்கியோடு விலை பேசி ஃபார்வர்டு புக் செய்ய வேண்டும். ஃபார்வர்டு விலை இன்றைய விலையைவிடச் சற்றுக் கூடவே இருக்கும், பின்னால் ரத்து செய்தால் வரும் நஷ்டமும் நம் தலையில்தான். மீதிப் பாதிக்குக் கெடுவுக்கு நான்கைந்து வேலைநாள் முன்பே ஒரு தேதி வையுங்கள், அன்று விலை எப்படி இருந்தாலும் கட்டிவிடுங்கள். உங்கள் கிளையில் ஃபாரெக்ஸ் வேலை நடக்காவிட்டால் பேப்பர் கோவைக்குப் போய்த்தான் வரும், அதற்கும் அந்த நாட்கள் வேண்டும்.